சேறு கழுவும் காற்று

காவிரிப் படுகையில் போர் போடும் இடத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர் இல்லை, சேறு. வண்டிக்குப் பக்கத்தில் வெட்டிய குழியில் சாம்பல் நிறக் களிக்கரைசல் கூழாக நிற்கும். மண் பம்பு அதை உறிஞ்சித் துளையிடும் குழாய்க்குள் செலுத்தும். அது அடிவரை போய், வெட்டிய மணலையும் களியையும் சுமந்துகொண்டு குழாய்க்கு வெளியே மேலேறி மறுபடி குழியில் வந்து விழும். பென்டோனைட் என்ற களிமண் பொடியைத் தண்ணீரில் கலக்கிச் செய்த கரைசல் அது. மூட்டையில் வாங்கிக் கொட்டிக் கலக்குவார்கள்.

கோயம்புத்தூர், தருமபுரி பக்கம் பாறையில் துளையிடுகிறவர்களுக்கு இந்தச் சேறு தேவையில்லை. பாறைச் சுவர் தானே நிற்கும். கம்ப்ரசர் காற்றே தூளை மேலே ஊதித் தள்ளிவிடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மண் அப்படியில்லை. களியும் மணலும் மாறி மாறிப் படிந்த வண்டல் அது. சேறு இல்லாமல் துளையிட்டால் மணல் சரிந்து அரை மணி நேரத்தில் துளை மூடிக்கொள்ளும். சேறு தண்ணீரைவிடக் கனமானது என்பதால் துளையின் சுவரை உள்ளிருந்து அழுத்தித் தாங்குகிறது. அந்த அழுத்தத்தில் சேற்றிலுள்ள தண்ணீர் மணலுக்குள் கசிந்துபோக, களி மட்டும் சுவரில் தங்கி, சில மில்லிமீட்டர் கனத்தில் வழவழப்பான பூச்சாகப் படிகிறது. துளை சரியாமல் நிற்பதற்குக் காரணம் இந்தப் பூச்சுதான்.

வேலை முடிந்த பிறகு தொல்லை தருவதும் இதே பூச்சுதான். நமக்குத் தண்ணீர் தரப்போவது அந்த மணல் படுகை. அதன் வாசலில், நாமே பூசிய களி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஃபில்டர் பைப்பை இறக்கி, சுற்றிலும் சரளை கொட்டிய பிறகு, அந்தக் களி சரளைக்கு அப்பால் கை எட்டாத இடத்தில் மாட்டிக்கொள்கிறது. அதை உடைத்து, கரைத்து, ஃபில்டரின் துவாரங்கள் வழியாக உள்ளே இழுத்து மேலே கொண்டுவந்து கொட்ட வேண்டும். கூடவே, துளையை ஒட்டியுள்ள படுகையின் நுண்மணலையும் எடுத்துவிட்டால், அங்கே பருமணல் மட்டும் தங்கித் தண்ணீர் தாராளமாக வரும். போரைக் கழுவுவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். கழுவாத போரில் படுகை எவ்வளவு வளமாக இருந்தாலும் தண்ணீர் குறைவாகவே கிடைக்கும். போட்டவரோ நிலத்தடியில் தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

இதற்கு நீர்மூழ்கி மோட்டாரை இறக்கக் கூடாது. மணலும் களியும் கலந்த தண்ணீர் சில மணி நேரம் ஓடினாலே அதன் விசிறிகள் தேய்ந்துவிடும். மணல் உட்கார்ந்தால் மோட்டார் சிக்கிக்கொள்ளும். காற்றால் இறைக்கும் முறையில் கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை, இரண்டு குழாய்கள் மட்டும்தான். பெரியது தண்ணீர் மேலே வரும் டெலிவரி பைப். சிறியது அதற்குள்ளேயே இறங்கும் ஏர் பைப். மேலே கம்ப்ரசர். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்க வட்டாரத்தில் கார்ல் இமானுவேல் லோஷர் என்பவர் 1797-இல் கண்டறிந்த முறை இது என்று சொல்வார்கள். நம் மேற்கு மாவட்டங்களில் மோட்டார் இறக்க முடியாத போர்களில் ஏர் கம்ப்ரசர் வைத்துத் தண்ணீர் எடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தத்துவம் ஒன்றேதான்.

பலரும் நினைப்பதுபோலக் காற்று தண்ணீரை அடித்துத் தள்ளி மேலே ஏற்றுவதில்லை. டெலிவரி பைப்புக்குள் காற்றுக் குமிழ்கள் கலந்ததும், அந்தக் கலவை வெறும் தண்ணீரைவிட எடை குறைந்துவிடுகிறது. பைப்புக்கு வெளியே கிணற்றில் இருப்பதோ முழுத் தண்ணீர். தராசில் கனமான தட்டு இறங்கினால் இலேசான தட்டு ஏறுவதைப்போல, வெளியே உள்ள கனம் உள்ளே உள்ள கலவையை மேலே தள்ளுகிறது. ஆகவே தண்ணீரை ஏற்றுகிற வலிமை கம்ப்ரசரிடம் இருப்பதைவிட, ஏர் பைப்பின் முனை தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு போரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படுகையில் வழக்கமாகப் பார்க்கக்கூடிய அளவுகளை வைத்து நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. பன்னிரண்டு அங்குலத் துளை, 56 மீட்டர் ஆழம். 38 மீட்டரிலிருந்து 53 வரை நல்ல பருமணல். அந்தப் பதினைந்து மீட்டருக்கு எட்டு அங்குல பி.வி.சி. ஃபில்டர் பைப், அதற்கு மேலே சாதா கேசிங், கீழே மணல் வந்து தங்குவதற்கு மூன்று மீட்டர் அடிமூடிய பைப். சுற்றிலும் சரளை. தண்ணீர் நிற்கும் மட்டம் தரையிலிருந்து 9 மீட்டர் கீழே. நான்கு அங்குல டெலிவரி பைப்பை 36 மீட்டர்வரை, அதாவது ஃபில்டருக்குச் சற்று மேலே நிறுத்துகிறோம். ஒன்றேகால் அங்குல ஏர் பைப்பின் முனை அதற்குள் 35 மீட்டரில். தண்ணீர் வெளியேறும் வாய் தரைக்கு ஒரு மீட்டர் மேலே.

ஏர் பைப் முனையிலிருந்து வாய்வரை கலவை ஏற வேண்டிய உயரம் 36 மீட்டர். அதே முனையிலிருந்து நீர்மட்டம்வரை மூழ்கியிருப்பது 26 மீட்டர். வெளியே 26 மீட்டர் தண்ணீரின் கனம், உள்ளே 36 மீட்டர் கலவையைத் தாங்க வேண்டும். கலவை தண்ணீரின் எடையில் நூற்றுக்கு 72 பங்குக்கும் குறைந்தால் மேலே வழியும். இறைக்கத் தொடங்கியதும் மட்டம் இறங்கும். ஆறு மீட்டர் இறங்கினால் மூழ்கல் 20 மீட்டர். அப்போது நூற்றுக்கு 56. பைப்புக்குள் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி காற்று இருந்தால்தான் ஏறும். நூற்றுக்கு அறுபதை ஒட்டி இருந்தால் வேலை நன்றாக நடக்கும். நாற்பதுக்குக் கீழே போனால் காற்று வீணாகி, தண்ணீர் விட்டு விட்டுத் துப்பும். 200 மீட்டரில் மட்டம் நிற்கும் போரில் 220 மீட்டரில் முனையை வைத்தால் இந்த அளவு பத்தைக்கூடத் தொடாது. வறண்ட ஊர்க் கம்ப்ரசர் போர்கள் சீறிச் சீறி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நம் எடுத்துக்காட்டுப் போருக்கு விநாடிக்கு ஐந்து லிட்டர் ஏற்ற, ஏறக்குறைய நிமிடத்துக்கு 60 கன அடி காற்று போதும். பாறையில் துளையிடும் வண்டிகளில் இருக்கும் ஆயிரம் கன அடிக் கம்ப்ரசரைக் கொண்டுவந்து முழுக்கத் திறப்பதில் பயன் இல்லை. காற்று அதிகமானால் அது தண்ணீரைச் சுமக்காமல் நடுவே வழி பண்ணிக்கொண்டு தனியாக ஓடிவிடும். வாயில் பெரும் இரைச்சலும் புகைபோன்ற சாரலும் இருக்கும், டிரம்மில் தண்ணீர் குறைந்திருக்கும். வால்வை மெல்லத் திருகிக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் தண்ணீர் அதிகமாகும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேலையைத் தள்ளிப்போடாமல் தொடங்குவது முக்கியம். சரளை கொட்டி முடித்த கையோடு தொடங்கினால் களி இளக்கமாக இருக்கும். நான்கைந்து நாள் விட்டால் சுவரிலேயே இறுகி, பிறகு அசைய மறுக்கும். கம்ப்ரசர் வாடகைக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு வாரம் கிடந்த போர்கள் பிறகு எவ்வளவு கழுவியும் தேறாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தொடங்கும்போது அவசரம் கூடாது. முதல் நிமிடத்திலேயே முழுக் காற்றைத் திறந்தால் கேசிங்குக்குள் இருக்கும் தண்ணீர் சட்டென்று வெளியேறி உள்மட்டம் இருபது மீட்டர் இறங்கிவிடக்கூடும். வெளியே கெட்டிச் சேறு இன்னும் நிற்கிறது. ஃபில்டரும் அடைத்திருப்பதால் அது உள்ளே வந்து சமமாக முடியாது. இருபது மீட்டர் வித்தியாசம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் இரண்டு கிலோ அழுத்தம். மெல்லிய பி.வி.சி. பைப் அமுங்கிப்போக அது போதும். ஆகவே காற்றைச் சிறிது சிறிதாகத் திறந்து, முதலில் கொஞ்சமாக வழியவிட்டு, வெளிச்சேறும் இளகி வரத் தொடங்கிய பிறகே கூட்ட வேண்டும். டெலிவரி பைப்பையும் காற்று ஹோஸையும் மேலே இறுகக் கட்டியிருப்பதும் இப்போதே பார்க்க வேண்டியது. கழன்ற காற்று ஹோஸ் துள்ளி அடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு எலும்பு முறியும்.

முதலில் வருவது குழியில் பார்த்த அதே சாம்பல் சேறு. பிறகு மண்ணின் சொந்தக் களி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ. பிறகு நுண்மணல் கலந்த கலங்கல். இரண்டு மூன்று மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். சுற்றி நிற்கிறவர்கள் கையில் ஏந்தி முகம் கழுவிப் பார்ப்பார்கள். “அண்ணே, தண்ணி தெளிஞ்சிடுச்சு, மோட்டார இறக்கிடலாமா?” என்று கேட்பார்கள். பெரும்பாலான போர்கள் பாதியில் கைவிடப்படுவது இந்த இடத்தில்தான்.

தண்ணீர் ஒரே திசையில், படுகையிலிருந்து கிணற்றை நோக்கி, சீராக வந்துகொண்டிருக்கும்போது மணல் துகள்கள் ஒன்றோடொன்று முட்டி, துவாரத்துக்கு வெளியே பாலம்போலக் கட்டிக்கொள்கின்றன. பாலத்துக்குப் பின்னால் நுண்மணலும் உடைந்த களியும் அப்படியே நிற்கும். முன்னால் வரும் தண்ணீர் தெளிவாக இருக்கும். இன்னும் பத்து மணி நேரம் ஓட்டினாலும் அது தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் பின்னால் இருப்பது எதுவும் அசையவில்லை. நாளை விவசாயி மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடும்போது அந்தப் பாலம் உடைந்து, மோட்டாருக்குள் மணல் வரும்.

பாலத்தை உடைக்கத் தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட வேண்டும். காற்று முறையில் இது எளிது: வால்வை மூடினால் போதும். அந்த நொடியில் டெலிவரி பைப்பில் ஏறி நின்ற தண்ணீர் முழுக்கக் கீழே விழுந்து, கேசிங்கில் மட்டம் உயர்ந்து, ஃபில்டர் வழியாக வெளியே சரளைக்குள் பாய்கிறது. துகள்கள் இடம் பெயர்கின்றன. இரண்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி திறந்தால், தெளிந்திருந்த தண்ணீர் காப்பி நிறத்தில் கலங்கி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கலங்கலை எடுக்கத்தான் வந்திருக்கிறோம். அது தெளியும்வரை ஓடவிட்டு, மறுபடி மூடி, மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கலங்கல் குறைந்துகொண்டே வரும். எத்தனை மணி நேரம் காற்றடித்தோம் என்பதைவிட எத்தனை முறை நிறுத்தித் திறந்தோம் என்பதுதான் இங்கே கணக்கு. மணிக்கு இவ்வளவு என்று கம்ப்ரசருக்கு வாடகை பேசுகிற வழக்கத்தில் இந்த நிறுத்தங்கள் வீண் நேரமாகத் தெரியும். அந்த நிறுத்தத்தில்தான் வேலை நடக்கிறது என்பதைக் காசு கொடுப்பவர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மேலிருந்து ஒரே இடத்தில் இறைத்தால் ஃபில்டரின் மேல்பகுதிதான் நன்றாகக் கழுவப்படும். அதனால் மேல்பகுதி ஒழுங்கானதும் டெலிவரி பைப்பை இரண்டு இரண்டு மீட்டராக ஃபில்டருக்குள் இறக்கி, ஒவ்வொரு இடத்திலும் இதே நிறுத்தித் திறப்பதைச் செய்ய வேண்டும். மேலிருந்து கீழாகப் போவதே பாதுகாப்பு. அடியிலிருந்து தொடங்கினால் மேலே இருந்து சரியும் மணல் பைப்பைச் சுற்றி உட்கார்ந்து, திரும்ப எடுக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். ஏர் பைப்பின் முனை எப்போதும் டெலிவரி பைப்புக்கு உள்ளேயே இருக்கட்டும். அது வெளியே நீட்டிக்கொண்டு நேரடியாக ஃபில்டரில் ஊதினால், காற்று சரளையையும் தாண்டி மணல் படுகைக்குள் புகுந்து, துகள்களின் இடைவெளிகளில் குமிழாகத் தங்கிவிடும். களியை எடுக்கப் போய்க் காற்றால் அடைத்த கதையாகும். அதை வெளியேற்றுவது களியைவிடக் கடினம்.

உள்ளே மணல் வெளியேற வெளியேற, சுற்றிலும் கொட்டிய சரளை கீழே இறங்கும். பன்னிரண்டு அங்குலத் துளையில் எட்டு அங்குல பைப்பைச் சுற்றிச் சரளை ஒன்றரை மீட்டர் இறங்கினால் நான்கைந்து சட்டி கொட்ட வேண்டியிருக்கும். ஆகவே சரளையைப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு அவ்வப்போது நிரப்ப வேண்டும். கழுவி முடிக்கும்வரை மேல்வாயைக் களியாலோ சிமென்ட்டாலோ அடைக்கக் கூடாது.

வேலை முன்னேறுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. அதற்குக் கம்ப்ரசரில் இருக்கும் அழுத்தமானியும் 200 லிட்டர் டிரம்மும் கடிகாரமும் போதும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஏர் பைப் முனையில் காற்று வெளியேற, அங்கே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அது வெல்ல வேண்டும். ஒரு பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தண்ணீர். நம் போரில் முனைக்கு மேல் 26 மீட்டர் தண்ணீர் இருப்பதால், காற்று முதலில் உடைத்துக்கொண்டு கிளம்பும் நொடியில் முள் 37-ஐ ஒட்டிக் காட்டும். இறைக்கத் தொடங்கி மட்டம் இறங்கியதும் முள்ளும் இறங்கும். எவ்வளவு இறங்கியதோ அதுதான் கிணற்றில் மட்டம் இறங்கிய அளவு. குழாய்க்குள் காற்று உரசும் அழுத்தமும் கொஞ்சம் சேர்ந்து காட்டும் என்பதால் இது துல்லிய அளவு இல்லை. ஆனால் இரண்டு நிலைகளை ஒப்பிட நம்பலாம்.

முதல் சுற்றில் முள் 22-இல் நிற்கிறது, டிரம் நிரம்ப 67 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முள் 15 இறங்கியிருக்கிறது. மட்டம் பத்தரை மீட்டர் இறங்கியிருக்கிறது. கிடைப்பது விநாடிக்கு மூன்று லிட்டர். ஒரு மீட்டர் இறக்கத்துக்கு விநாடிக்கு 0.3 லிட்டர்தான் தேறுகிறது. பல சுற்று நிறுத்தித் திறந்து, பைப்பைப் பழைய 36 மீட்டருக்கே கொண்டுவந்து மறுபடி அளக்கிறோம். இப்போது முள் 28, டிரம் 40 விநாடியில் நிரம்புகிறது. மட்டம் ஆறு மீட்டர் சொச்சம்தான் இறங்கியிருக்கிறது, கிடைப்பதோ ஐந்து லிட்டர். ஒரு மீட்டருக்கு 0.8 லிட்டர். அதே மணல் படுகை, அதே பைப், இரண்டரை மடங்குக்கு மேல் தண்ணீர். நடுவில் இருந்த களிதான் போயிருக்கிறது. இந்த எண் ஏறிக்கொண்டிருக்கும்வரை வேலை முடியவில்லை. அடுத்தடுத்த இரண்டு மூன்று அளவில் அது அசையாமல் நின்றால் எடுக்க வேண்டியது எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

மணலுக்கும் ஒரு சோதனை உண்டு. வால்வை மூடித் திறந்த உடனே வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்து, கையால் சுழற்றி விட்டால், மணல் இருந்தால் நடுவில் சிறு வட்டமாகக் கூடும். சீராக ஓடும்போது பிடித்த வாளி ஏமாற்றும். குலுக்கியதும் வரும் வாளிதான் உண்மையைச் சொல்லும். அதில் ஒன்றிரண்டு துகளுக்கு மேல் தங்கவில்லை என்றால் மோட்டார் பிழைக்கும். வாளியில் மணலுக்குப் பதிலாக நாம் கொட்டிய சரளைக்கல்லே வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பைப் இணைப்பு விலகியிருக்கிறது அல்லது ஃபில்டர் உடைந்திருக்கிறது. எத்தனை நாள் கழுவினாலும் தீராத கோளாறு அது. மணல் குறையாமல் ஒரே அளவில் வந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான்: ஃபில்டரின் துவாரம் படுகை மணலுக்குப் பெரிதாகிவிட்டது, அல்லது ஒரு பக்கம் சரளை இறங்காமல் வெற்றிடமாக நின்றுவிட்டது. சரளையைச் சுற்றி நிரப்பிப் பார்க்கலாம். அதற்கு மேல் காற்றால் ஆவது ஒன்றுமில்லை.

தண்ணீர் தெளிவாகவும் மணல் இல்லாமலும் வந்தும், அந்த எண் மட்டும் ஏறவில்லை என்றால் களி இறுகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்ஃபேட் என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்து ஃபில்டர் பகுதியில் ஊற்றி, சில மணி நேரம் ஊறவைத்து, இடையிடையே வால்வைத் திறந்து மூடி அசைத்தால், களித் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். பிறகு அதை மிச்சமில்லாமல் இறைத்துக் கொட்டிவிட வேண்டும். ஃபாஸ்ஃபேட் தங்கினால் கிணற்றில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வளரும். இதற்கும் அசையாவிட்டால் படுகையே அவ்வளவுதான் தரும் என்று கொள்ள வேண்டியிருக்கும்.

கடைசி வேலை அடியில். கழுவும்போது கீழே விழுந்த மணல் அந்த மூன்று மீட்டர் அடிப்பைப்பில் நிறைந்திருக்கும். டெலிவரி பைப்பை அங்கே இறக்கி அதையும் காற்றால் அள்ளிவிட்டு, ஒரு எடை கட்டிய கயிற்றால் அடி 56 மீட்டரில்தான் இருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொள்ளலாம். கம்ப்ரசர் எண்ணெய் வாடை தண்ணீரில் இருந்தால் அது போகும்வரை ஓடவிட்டு, குடிக்கப் பயன்படும் போராக இருந்தால் குளோரின் இட்டு ஒரு இரவு வைத்துக் கழுவ வேண்டும். மோட்டாரை ஃபில்டருக்கு நேரே வைக்காமல், 36 மீட்டருக்கு மேலே, சாதா கேசிங்கில் தொங்கவிட வேண்டும். டிரம் நிரம்பிய விநாடிகளையும் முள் காட்டிய இரண்டு எண்களையும் தேதியோடு சுவிட்ச் பெட்டியின் உட்புறம் எழுதி வைத்தால், ஐந்தாறு வருடம் கழித்துத் தண்ணீர் குறையும்போது, படுகையில் மட்டம் இறங்கியதா, ஃபில்டர் அடைத்ததா என்று மறுபடி அளந்து தெரிந்துகொள்ளலாம்.